டைப் 1 தங்கை: ஊசி போடுகிறேன் என்கிறாள், ஆனால் மெலிந்துகொண்டே போகிறாள்

பாலக்கோடு_அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். நான் ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் ஊருக்குப் போவேன். தங்கைக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். 14 வயதில் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது 38 கிலோவுக்கு இறங்கி எலும்பும் தோலுமாக இருந்தாள். ஊசி ஆரம்பித்ததும் உடம்பு தேறியது, நன்றாகவே சாப்பிட்டாள், போன ஆடி மாதம் வரை 53 கிலோ இருந்தாள்.

இப்போது 46. கேட்டால் பரீட்சை டென்ஷன் என்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மிக்ஸ் இன்சுலின்தான், காலையில் 26, ராத்திரி 18. முதலில் மொத்தம் 36 யூனிட்தான் இருந்தது. சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் 44 ஆக்கினார். அதற்குப் பிறகும் மூன்று மாத சராசரி, அதுதான் எச்பிஏ1சி, 11.8 வந்திருக்கிறது. ஆனால் வீட்டில் அவள் எழுதும் நோட்டில் எல்லாம் 130, 142, 128 என்றுதான் இருக்கிறது. அடுத்த முறை போனால் டாக்டர் இன்னும் கூட்டுவார் என்று நினைக்கிறேன். இன்சுலினே கெட்டுப்போனதாக இருக்குமா? கம்பெனி மாற்றி வெளியில் வாங்கலாமா?

கேழ்வரகு_களி

தம்பி, கவலைப்படாதீங்க. எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி 11 இருந்தது. அரிசியை நிறுத்திட்டு காலையில் கேழ்வரகுக் களி, ராத்திரி சாமை, தினமும் ஒரு மணி நேரம் நடை. ஆறு மாதத்தில் ஊசியையே நிறுத்திட்டோம். ஊசி ஊசின்னு ஏத்திக்கிட்டே போறதுதான் இந்தக் காலத்துல பிரச்சினை. தங்கச்சிக்கும் முயற்சி பண்ணிப் பாருங்க.

ஊசிக்காரம்மா

களி ஐயா, உங்கள் அப்பாவுக்கு இருந்தது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது, அதனால் சாப்பாடும் நடையும் கைகொடுத்தன. இந்தப் பெண்ணின் உடம்பில் சொந்த இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை. களி தின்றாலும் பட்டினி கிடந்தாலும் ஊசி வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ஐசியுவில் பார்க்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்த அறிவுரையை இங்கே விட்டுவிடுங்கள்.

தம்பி, நான் கிருஷ்ணகிரியில் சர்க்கரை நோய் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன், ஊசி போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் பதிவில் ஒன்று இடிக்கிறது. எச்பிஏ1சி 11.8 என்றால் மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக 290 பக்கம் இருந்திருக்கிறது. நோட்டில் இருப்பதுபோல 130, 140 உண்மையாக இருந்தால் அது 6, 6.5 என்று வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பின் கணக்காக இருக்க முடியாது. இன்னொன்று, சராசரி 130 என்று வைத்திருக்கும் டைப் 1 பிள்ளைக்கு மாதத்தில் சில முறையாவது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும், வியர்க்கும், கை நடுங்கும், சர்க்கரை கேட்கும். உங்கள் தங்கைக்குக் கடைசியாக எப்போது லோ ஆனது?

பாலக்கோடு_அண்ணன்

அம்மாவிடம் போனில் கேட்டேன். முன்பெல்லாம் அடிக்கடி ஆகும், குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைத்திருந்தோம். ஆவணிக்கு அப்புறம் ஒரு தடவைகூட ஆனதாக அம்மாவுக்கு நினைவில்லை. நல்ல கண்ட்ரோலில் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்களாம்.

மருந்துக்கடை_தம்பி

நான் அரூர் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். முதலில் ஊசியைப் பாருங்க அண்ணா. அரசு ஆஸ்பத்திரி குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி ஊசி. கடையில் அவசரத்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்துட்டா அது 100 யூனிட்டுக்கானது. அதில் 26 கோடு வரை இழுத்தா உள்ளே போறது பத்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். எங்க கடைக்கு இப்படி ரெண்டு பேர் வந்திருக்காங்க.

அப்புறம் எடை விஷயம். இன்சுலின் போட்டா எடை கூடும், அதில் பொய் இல்லை. பொண்ணு கம்மியா சாப்பிட்டா ஊசியும் கம்மியா போதும், அதனால அவளே குறைச்சிருந்தாலும் பெரிசா பயப்பட வேண்டாம்.

ஊசிக்காரம்மா

மூடி நிறத்தைச் சொன்னது மிகச் சரி. அதை முதலில் பார்க்க வேண்டும். அதோடு ஊசி போடும் இடத்தில் கட்டி கட்டியாக இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், ஒரே இடத்தில் குத்தினால் மருந்து சரியாக ஏறாது. கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நாள் கணக்கில் ஓடாமல் இருந்ததா, வெயிலில் வைத்தார்களா, அதையும் கேளுங்கள். தைராய்டு, காசநோய் மாதிரி காரணங்களும் எடையைக் குறைக்கும், அதை டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆனால் தம்பி, "கம்மியா சாப்பிட்டா கம்மியா போதும்" என்பது பாதிதான் சரி. சாப்பாட்டுக்கு ஏற்ற பங்கு கொஞ்சம் குறையலாம், அதுவும் டாக்டர் கணக்குப் போட்டுக் குறைப்பது. சாப்பிடாமலே இருந்தாலும் கல்லீரல் நாள் முழுக்கச் சர்க்கரை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கான இன்சுலின் கட்டாயம் வேண்டும். அவளாகக் குறைத்துக்கொண்டிருந்தால் பயப்படத்தான் வேண்டும். குறைந்த எடையெல்லாம் கொழுப்பு என்று நினைக்காதீர்கள். தண்ணீரும் சதையும் சேர்ந்துதான் போகிறது.

பாலக்கோடு தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அவளிடம் சண்டை போடாமல் ஒரு வேலை செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கடைசி மூன்று மாதம் எத்தனை குப்பி கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் எத்தனை மீதி என்று எண்ணுங்கள். ஒரு குப்பி 10 மில்லி, அதாவது 400 யூனிட். ஒரு நாளைக்கு 44 என்றால் ஒன்பது நாளில் ஒரு குப்பி தீர வேண்டும்.

தொப்பூர்_மேடு

அதென்ன கணக்கு வழக்கு. என் பையனுக்கும் டைப் 1, 15 வயசு. ஊசியைக் கழிவறையில் பீய்ச்சிட்டு வந்து போட்டேன்னு சொன்னான். ஒரு அறை விட்டேன், அன்னையிலிருந்து என் கண் முன்னாடிதான் போடறான். பொண்ணைப் பெத்தவங்க செல்லம் கொடுத்தா இப்படித்தான். இன்னைக்கு ராத்திரியே உட்கார வெச்சு 18 யூனிட்டும் போட வைங்க, நாளைக்குச் சரியாயிடும்.

ஊத்தங்கரை_பொண்ணு

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். தொப்பூர் அண்ணா எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 24 வயது. டைப் 1. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நானும் இப்படி ஊசியைப் போடாமல் விட்டிருக்கிறேன். நோய் வந்த புதிதில் மெலிந்திருந்தேன், சொந்தக்காரர்கள் எல்லோரும் "என்ன அழகா ஆயிட்டே" என்றார்கள். எனக்கு நோய் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊசி ஆரம்பித்து எடை கூடியதும் அதே வாய்கள் "ஊசி போட்டு ஊதிட்டா" என்றன. எது நோய், எது மருந்து என்பது தலைக்குள் இடம் மாறிவிட்டது. ஊசிதான் எதிரி என்று தோன்றிவிட்டது.

யாராவது அறைந்திருந்தால் நான் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஏற்கெனவே வெட்கமாக இருந்தது. சோம்பேறித்தனம் இல்லை அண்ணா. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போய், கால் ஆடுசதை பிடித்து இழுத்து, தாகத்தில் ரெண்டு பாட்டில் தண்ணி காலி பண்ணி, கீழே அரிப்பு வந்து டாக்டரிடம் சொல்லவும் கூசி... இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தி செய்கிறாள் என்றால் அவளுக்கு வேறு ஏதோ தாங்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஊசிக்காரம்மா

ஊத்தங்கரைப் பெண் சொன்ன அடையாளங்களைத்தான் நான் கேட்கவிருந்தேன். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கக்கூடியது இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஊசி, மீட்டர் பேட்டரி போச்சு என்று அடிக்கடி சொல்வது, ஆஸ்பத்திரி நாள் வந்தால் தலைவலி, கண்ணாடி முன் அதிக நேரம் நிற்பது, இல்லையென்றால் கண்ணாடியையே தவிர்ப்பது, மாதவிலக்கு தள்ளிப்போவது. தனித்தனியாக எடுத்தால் இதில் பாதி எல்லா பதினேழு வயதுப் பிள்ளைக்கும் உண்டு. எச்பிஏ1சி ஏறிக்கொண்டிருக்கும்போது எடை இறங்குவதும், இவையும் சேர்ந்து வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தொப்பூர் ஐயா, உங்கள் யோசனையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் போடவில்லை என்றால், அது தெரியாமல்தான் டாக்டர் 36-ஐ 44 ஆக்கியிருக்கிறார். அவள் உடம்புக்கு உண்மையில் எத்தனை தேவை என்று இப்போது யாருக்கும் தெரியாது. எடையும் ஏழு கிலோ குறைந்திருக்கிறது, சாப்பாடும் குறைந்திருக்கலாம். இன்று ராத்திரியே மிரட்டி முழுசாகப் போட வைத்தால் அதிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை 40-க்கு இறங்கி, தூக்கத்திலேயே வலிப்பு வரலாம். அதனால் டாக்டருக்கு உண்மையான அளவு தெரிந்தாக வேண்டும். டோஸ் அதற்குப் பிறகுதான்.

தொப்பூர்_மேடு

அப்படியா. இதை யாரும் எனக்குச் சொல்லலை. என் பையனுக்கு அப்போ ரெண்டு தரம் ராத்திரியில் லோ ஆச்சு, நான் சாப்பாடு பத்தலைன்னு நினைச்சேன்.

ஆனா என் பையன் எடைக்காகச் செய்யலை. ஸ்கூல்ல மத்தியான ஊசி போடும்போது பசங்க கிண்டல் பண்ணாங்களாம். பசங்களும் இதுக்குள்ள வருவாங்களா, இல்ல இது பொண்ணுங்க விஷயம்தானா?

ஊசிக்காரம்மா

பையன்களும் வருவார்கள், குறைவாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். ஊசியை விடுவதற்கு எல்லா நேரமும் எடைதான் காரணம் என்று இல்லை. கிண்டல், லோ ஆகுமோ என்ற பயம், அலுப்பு, சில வீட்டில் ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாதது. காரணம் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. உங்கள் மகனுக்குத் தேவை பள்ளியில் ஒரு மறைவான இடம், பேசிப் புரிய வைக்க ஒரு ஆசிரியர். இந்தத் தங்கைக்கு அது போதாது.

பாலக்கோடு_அண்ணன்

ஞாயிறு போய் வந்தேன். ஊசி எல்லாம் சிவப்பு மூடிதான். கரண்ட் பிரச்சினை இல்லை. வயிற்றில் கட்டி எதுவும் இல்லை என்று அம்மா பார்த்துச் சொன்னார்.

சீட்டுப்படி மூன்று மாதத்துக்கு மாதம் நாலு வீதம் 12 குப்பி. ஃபிரிட்ஜில் பிரிக்காதது 6. பிரித்தது ஒன்று, பாதி இருக்கிறது. அப்படியென்றால் ஐந்தரைக் குப்பிதான் செலவாகியிருக்கிறது.

மருந்துக்கடை_தம்பி

5.5-ஐ 400-ஆல் பெருக்கினா 2,200 யூனிட். 90 நாளுக்கு வகுத்தா 24 சொச்சம். போட வேண்டியது 44. கடைசியில் கொஞ்சம் தூக்கிப் போட்டதையும் சேர்த்தா இன்னும் கம்மியாத்தான் இருக்கும். சிவப்பு மூடின்னு சொல்லிட்டீங்க, ஆரஞ்சா இருந்திருந்தா நாளைக்கு 17, 18 தான் போயிருக்கும், அதுவும் இதுவும் பக்கத்துல பக்கத்துல வர்ற கணக்கு. நான் முன்னாடி பயப்பட வேண்டாம்னு எழுதினதை விட்டுடுங்க அண்ணா.

பாலக்கோடு_அண்ணன்

காலை ஊசியை அம்மா கண்ணால் பார்க்கிறார், சமையல் கட்டில்தான் போடுவாள். ராத்திரி ஊசி அவள் அறையில். காலை 26, கணக்கு 24. அப்படியென்றால் ராத்திரி ஊசிதான் போகவில்லையா?

மீட்டரையும் பார்த்தேன், நோட்டில் இருக்கும் நாட்களில் பாதிக்கு மீட்டரில் பதிவே இல்லை. இருக்கிற பதிவுகளில் 280, 340. ஒரு இடத்தில் எண்ணே இல்லை, HI என்று காட்டுகிறது. நான் இதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் பார்த்தேன், அதுவே மனதுக்குச் சரியாகப் படவில்லை. இப்போது அவளிடம் எப்படிப் பேசுவது? அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு ரணகளமாகும்.

ஊசிக்காரம்மா

HI என்றால் மீட்டரால் அளக்க முடியாத உயரம், பெரும்பாலான மீட்டரில் 600-க்கு மேல். அதனால் பேச்சுக்கு முன்னால் ஒரு வேலை. இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் அமிலம்தான் கீட்டோன், மருந்துக்கடையில் சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்கி வீட்டில் வையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, வாயில் அழுகிய பழம் மாதிரி வாடை, கண் சொக்குவது, இதில் எது வந்தாலும் சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள். கீட்டோன் நடுத்தரமோ அதற்கு மேலோ காட்டினால், அல்லது வாந்தி நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்ட்ரிப் இல்லை என்பதற்காகவும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை 250 தான் காட்டுகிறது என்று அசட்டையாக விடாதீர்கள், அந்த அளவிலும் கீட்டோன் ஏறியிருக்கலாம். கேசுவாலிட்டியில் நுழைந்ததும் "டைப் 1, இன்சுலின் விட்டிருக்கிறாள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேஸ் ட்ரபிள் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இப்படி இரண்டு பிள்ளைகள் தாமதமாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி ஊசி என்பது உங்கள் ஊகம். சரியாகவும் இருக்கலாம். சில நாள் முழுசாகவும் சில நாள் ஒன்றுமில்லாமலும் போட்டாலும் இதே கணக்குதான் வரும். அதை அவளே சொல்லட்டும்.

ஊத்தங்கரை_பொண்ணு

அண்ணா, என்னிடம் பேசியவர் என் அத்தை. ஊசி போட்டியா என்று கேட்கவில்லை. அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் ஆமாம் என்று சொல்லிப் பழகிவிட்டிருந்தது. அத்தை, "ஊசி போட்டா குண்டாயிடுவோம்னு உனக்கு பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அத்தை குப்பியைப் பற்றியோ மீட்டரைப் பற்றியோ அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்ணியதை மறைக்காதீர்கள், பிறகு தெரிந்தால் உளவு பார்த்தாய் என்பாள். ஆனால் ஆரம்பத்திலேயே கணக்கை நீட்டினால் அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். "உன்னைப் பற்றிக் கவலை, குப்பியைப் பார்த்தேன், திட்டப் போறதில்லை" என்று சொன்னால் போதும். அம்மாவும் நீங்களும் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அவளையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேழ்வரகு_களி

நான் டைப் 1 என்கிறதைக் கவனிக்காமல் எழுதிட்டேன், போகட்டும். ஆனா ஒரு சந்தேகம். இதெல்லாம் வயசுக் கோளாறுதானே? கல்யாணம் ஆனா தானா சரியாயிடாதா? எங்க ஊர்ல இதையெல்லாம் மனநல டாக்டர்கிட்ட கொண்டு போனா பொண்ணுக்கு வரன் வராது.

ஊசிக்காரம்மா

தானாகச் சரியானவர்களும் இருக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. அமெரிக்காவில் பாஸ்டனில் ஜோஸ்லின் மையத்தில் டைப் 1 உள்ள 234 பெண்களை 11 வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள், 2008-இல் முடிவு வெளியானது. ஆரம்பத்தில் இன்சுலினைக் குறைத்துப் போடுவதாகச் சொன்னவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் மூன்று மடங்கு. இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்தால், குறைத்துப் போட்டவர்களுக்கு 45, மற்றவர்களுக்கு 58. வரன் வருமா என்ற கேள்விக்கு முன்னால் கண், சிறுநீரகம், கால் நரம்பு இதெல்லாம் மிஞ்ச வேண்டும் ஐயா.

மனநல டாக்டரைப் பார்ப்பது வெளியே தெரிய வேண்டியதில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சர்க்கரைக்காகப் போகிற அன்றே மனநலப் பிரிவுக்கும் போய் வரலாம். முதலில் போனில் பேசினால் போதும் என்றால் 14416, டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம், காசில்லை. சர்க்கரை டாக்டர் மட்டும் பார்த்தால் டோஸை மாற்றுவார், மனநல டாக்டர் மட்டும் பார்த்தால் இன்சுலின் கணக்கு அவருக்குப் பழக்கம் இருக்காது. இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கும்படி ஒரே ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை_தம்பி

இன்சுலினைப் பூட்டி வெச்சு அம்மாவே எடுத்துக் கொடுத்தா என்ன மேடம்?

ஊசிக்காரம்மா

இதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. என் அனுபவத்தில் பூட்டுவதைவிடப் பக்கத்தில் உட்காருவது வேலை செய்கிறது. "நீ தினமும் ரெண்டு வேளை தனியா சுமந்தது போதும், கொஞ்ச நாள் நான் போட்டு விடறேன்" என்று அம்மா எடுத்துக்கொண்டால் பல பிள்ளைகளுக்கு அது நிம்மதி. அவசரத்துக்கு இன்சுலின் கைக்கு எட்ட வேண்டும் என்பதால் பூட்டு எனக்குப் பிடிக்காது. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஏதாவது இருந்தால் கதை வேறு, அப்போது பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், அன்றைக்கே டாக்டரையும் பார்க்க வேண்டும்.

பாலக்கோடு_அண்ணன்

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை.

பேசினோம். ஊத்தங்கரை தங்கை சொன்ன மாதிரியே அம்மா கேட்டார். முதலில் கோபப்பட்டாள், என் ஃபிரிட்ஜை ஏன் நோண்டினே என்று என்னைத் திட்டினாள். ராத்திரி பத்து மணிக்கு அவளாக வந்து உட்கார்ந்து சொன்னாள். ராத்திரி ஊசி வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். காலையிலும் பல நாள் அம்மா பார்க்க 26 இழுத்து, திரும்பிப் பாதியைக் குப்பிக்குள்ளேயே விட்டிருக்கிறாள். தையில் மாமா மகள் கல்யாணம், அதில் எல்லோரும் பார்ப்பார்களே என்று ஆரம்பித்ததாம். அப்புறம் நிறுத்த முடியவில்லை என்றாள்.

டாக்டரிடம் குப்பிக் கணக்கோடு போனோம். அவர் திட்டவில்லை. 44-ஐ வெட்டிவிட்டு காலை 16, ராத்திரி 10 என்று ஆரம்பித்து, நாலு நாளைக்கு ஒரு தடவை போனில் சர்க்கரை கேட்டு ஏற்றுகிறார். இப்போதைக்கு 200 பக்கம் இருந்தால் போதும், 120-க்கு அவசரப்பட வேண்டாம் என்றார். எனக்கு இது புரியவில்லை, இத்தனை நாள் கெட்டது போதாதா, வேகமாக இறக்கினால் என்ன? கண் டாக்டரிடமும் முதலில் போகச் சொன்னார்.

ஊசிக்காரம்மா

நல்ல டாக்டர். பல மாதம் 300-இல் பழகிய உடம்பைச் சட்டென்று 120-க்கு இழுத்தால் சிலருக்குக் காலில் தாங்க முடியாத நரம்பு எரிச்சல் வரும். கண்ணில் ஏற்கெனவே ரத்தக்குழாய் பாதிப்பு இருந்தால் அது சில மாதத்துக்கு மோசமாகவும் ஆகலாம். அதனால்தான் கண்ணின் உள்திரையைப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்குவது. அவளுக்கு 150 வந்தாலே இப்போது லோ மாதிரி நடுக்கமும் வரும், மீட்டரைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை கொடுங்கள். 70-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் கொடுங்கள்.

இன்னொன்றை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். முதல் சில வாரங்களில் எடை சட்டென்று ஏறும், கணுக்கால் வீங்கும், முகம் உப்பும். அது கொழுப்பு இல்லை, காய்ந்த உடம்பு தண்ணீரையும் உப்பையும் பிடித்து வைப்பது. பெரும்பாலும் சில வாரத்தில் வடியும். இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் மறுபடி விடுகிறார்கள்.

பாலக்கோடு_அண்ணன்

அக்கா, அது வந்துவிட்டது. நேற்று செருப்பு வார் பதிந்திருந்தது. மூன்று கிலோ ஏறியிருக்கிறது. அழுதாள், ராத்திரி ஊசியைப் பாதியாகப் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

ஊசிக்காரம்மா

எடைக் கல்லைப் பரண் மேல் ஏற்றுங்கள். எடை ஆஸ்பத்திரியில் மட்டும், அதுவும் அவளுக்கு எண் தெரியாமல் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள். வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். வீக்கத்துக்காக ஊசியைக் குறைப்பதா என்பதை அவர் சொல்ல வேண்டும், அவளும் நீங்களும் முடிவு செய்யக் கூடாது.

ஊத்தங்கரை_பொண்ணு

எனக்கு அந்த வீக்கம் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கொலுசைக் கழற்றி வைத்திருந்தேன். தளர்வான சுடிதார் இரண்டு தைத்துக் கொடுத்தார் அம்மா, பழையதை இறுக்கிப் பார்க்க வேண்டிய வேலை இல்லாமல் போனது. பெரிசாகத் தெரியாது, ஆனால் அது உதவியது.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதும் கல்யாண வீடு என்றால் வயிற்றைப் பிசையும். எச்பிஏ1சி 8.1. கண்ணில் சின்ன மாற்றம் இருக்கிறது, வருடம் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தொப்பூர்_மேடு

பொண்ணு, நல்லா இருங்க. பையனோட டீச்சர்கிட்ட பேசினேன், சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையைத் திறந்து விடறாங்க. அவன் இன்னும் என்கூட சரியா பேசறதில்ல.

பாலக்கோடு_அண்ணன்

கல்யாணம் காவேரிப்பட்டணத்தில். தங்கை வருகிறேன் என்கிறாள், ஆனால் ரிசப்ஷன் வேண்டாமாம். அம்மாவுக்கு அதுதான் வருத்தம், ஊர் என்ன சொல்லும் என்று. அத்தைகள் வாயை எப்படி அடக்குவது?

ஊத்தங்கரை_பொண்ணு

ரிசப்ஷன் வேண்டாம் என்றால் விடுங்கள் அண்ணா, முகூர்த்தத்துக்கு வந்தால் போதும். முன்கூட்டியே இரண்டு அத்தைகளிடம் மட்டும் அம்மா போன் போட்டு, "அவள் உடம்பைப் பத்தி மெலிஞ்சதுன்னும் வேண்டாம், குண்டானதுன்னும் வேண்டாம், ஒண்ணும் பேசாதீங்க" என்று சொல்லி வைக்கட்டும். "அழகா இருக்கே" என்பதுகூட அன்றைக்கு வேண்டாம்.

ஊசிக்காரம்மா

இன்சுலினை ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள். முகூர்த்தம் விடியற்காலை என்றால் காலை ஊசி எந்த நேரம், டிபன் எந்த நேரம் என்று டாக்டரிடம் முந்தின வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தி பத்து மணிக்குத்தான் என்றால் ஆறு மணிக்கு மிக்ஸ் ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. மண்டபத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும் என்று அவளையே கேளுங்கள்.

பாலக்கோடு_அண்ணன்

கேட்டேன். அம்மா வேண்டாமாம். மணப்பெண்ணின் தங்கை, அவளுக்குப் பதினாறு வயது, அவளிடம்தான் இவள் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல. சின்னப் பெண்ணிடம் விடலாமா என்று அம்மா யோசிக்கிறார். டாக்டரை வியாழக்கிழமை பார்க்கிறோம், அதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.